போன் தொலைந்தபின் வங்கியில் மொபைல் எண்ணை மாற்றக் கடிதம் கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முக்கூடல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜும் உண்டு, மனு எழுதிக் கொடுப்பதும் உண்டு. போனைத் தொலைத்தவர்கள் பதறிக்கொண்டு நேரே கடைக்கு வந்து, "பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்பார்கள். கடிதம் எழுதப் பத்து நிமிடம் போதும். ஆனால் கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போனவர்கள்தான் மூன்று தடவை, நான்கு தடவை பேங்குக்கு அலைகிறார்கள்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் சமீபத்தில் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனபோது போனைத் தொலைத்துவிட்டார். பீடிக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் வருகிற கணக்கு அந்த எண்ணில்தான் இருந்தது. அவருக்குச் செய்த வேலையை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன்.

## 1. முதல் ஒரு மணி நேரம்: சிம், அப்புறம் வங்கி

போனுக்கு லாக் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். போனை எடுத்தவர் லாக்கைத் திறக்கவே வேண்டாம். சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் வங்கியின் ஓ.டி.பி. அங்கே வந்துவிடும். அதனால் முதலில் நிறுத்த வேண்டியது சிம்.

அதே நிறுவனத்தின் சிம் உள்ள வேறொரு போனில் இருந்து 198ஐ அழைத்து, சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள்தான் அந்த எண்ணை வைத்திருந்தவர் என்று உறுதி செய்ய, யார் பெயரில் வாங்கியது, கடைசியாக எப்போது எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்தது என்பது போல ஏதாவது கேட்பார்கள். ஆச்சிக்கு அது நினைவில்லை. என் கடை நோட்டில் தேதியும் தொகையும் இருந்ததால் பிழைத்தோம். நீங்கள் வழக்கமாக ரீசார்ஜ் செய்யும் கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அடுத்து வங்கியின் உதவி எண். அது ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சாகி இருக்கும். அதை மட்டும் பயன்படுத்துங்கள். அவசரத்தில் இணையத்தில் தேடினால் போலி உதவி எண்கள் முதலில் வந்து நிற்கின்றன. அங்கே பேசுபவர் கார்டு எண்ணையும் பின்னையும் கேட்பார். உண்மையான வங்கி பின்னைக் கேட்கவே கேட்காது.

வங்கியிடம் மூன்றை நிறுத்தச் சொல்லுங்கள்: யு.பி.ஐ., மொபைல் பேங்கிங், நெட் பேங்கிங். கார்டும் போன் உறைக்குள் செருகி இருந்ததென்றால் அதையும் சேர்த்து நிறுத்துங்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணையும், பேசிய தேதி, மணி இரண்டையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். கடிதத்தில் இந்தத் தகவல் வர வேண்டும். ஏன் என்பதை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

## 2. எண்ணை மாற்றத்தான் வேண்டுமா?

இதை நின்று யோசிக்காமல்தான் நிறையப் பேர் வீண் வேலை பார்க்கிறார்கள். போன் போனாலும் எண் போகவில்லை. சிம் உங்கள் பெயரில் இருந்தால், ஆதாருடன் நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடலாம். வங்கியில் எண் மாற்றக் கடிதமே தேவைப்படாது. மாற்று சிம் உயிர்பெற்ற பிறகு 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. சிம்மை ஏமாற்றி வாங்குகிறவர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. பேங்கில் ஏதோ கோளாறு என்று பதறாமல் ஒரு நாள் பொறுங்கள்.

கடிதம் தேவைப்படுவது வேறு நிலைமைகளில்: சிம் வேறொருவர் பெயரில் இருந்து, அவர் நேரில் வர முடியாதபோது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் எண் ஏற்கெனவே ரத்தாகிவிட்டபோது. நம் ஊர்ப் பக்கம் முதலாவதுதான் அதிகம். மகன் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பான், அம்மாவின் சிம் அவன் பெயரில் இருக்கும்.

ஆச்சியின் சிம் நாலு வருஷம் முன்னால் காலமான அவர் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. இறந்தவர் பெயரில் உள்ள எண்ணை வாரிசு பெயருக்கு மாற்ற வழி உண்டு. ஆனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் என்று அலைய வேண்டும். அதுவரை கணக்கு முடங்கிக் கிடக்கும். அதனால் புதிய எண் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

புதிய சிம் கணக்கு வைத்திருப்பவர் பெயரிலேயே இருக்கட்டும். "எம் பேரன் நம்பரைக் குடுத்துருதேன், அவன்தான் படிச்சவன்" என்றார் ஆச்சி. பேரன் வேலைக்கு வெளியூர் போனால், போனை மாற்றினால், மறுபடியும் இதே கதைதான். ஆச்சியின் ஆதாரை வைத்து அவர் பெயரிலேயே வாங்கி, ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டோம். ஓ.டி.பி. வர பட்டன் போன் போதும்.

பழைய எண்ணைக் கணக்கில் அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. நிறுத்தப்பட்ட எண் சும்மா கிடக்காது. குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு உங்கள் கணக்கின் செய்திகள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

## 3. காவல் நிலைய ரசீது

தொலைந்த போனுக்குப் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். எண் மாற்றத்துக்கு எல்லாக் கிளையிலும் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் வாங்கி இணையுங்கள் என்பேன். எந்தத் தேதியில் போன் உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் தவிர இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

பஸ்ஸில் தொலைத்தவர்களுக்கு எந்த நிலையம் என்ற குழப்பம் வரும். திருநெல்வேலி மாநகரம் ஆணையர் அலுவலகத்தின் கீழும், மற்ற ஊர்கள் மாவட்டக் காவலின் கீழும் இருப்பதால், "அங்க போங்க" என்று அனுப்பிவிடுவது நடக்கும். எங்கே தொலைந்தது என்று உறுதியாகத் தெரியாதபோது, கடைசியாக எந்த இடத்தில் போனைக் கையில் வைத்துப் பேசினீர்கள் என்பதை எழுதுங்கள். ஆச்சி எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் மகளிடம் பேசியிருந்தார். அதை எழுதினோம், எங்கள் பகுதி நிலையத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.

புகாரில் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் வேண்டும். போன் கையில் இருந்தால் *#06# என்று அழுத்திப் பார்த்துவிடலாம். தொலைந்த பின் போன் வந்த அட்டைப் பெட்டியிலோ பில்லிலோதான் தேட வேண்டும். ஆச்சி வீட்டில் அந்தப் பெட்டி சொளவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே பீடிக்குக் கட்டும் நூல்கண்டுகள், துருப்பிடித்த பழைய கத்தரி ஒன்று. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எண் அழியாமல் இருந்தது. போன் பெட்டியைத் தூக்கிப் போடாதவர்கள் கெட்டிக்காரர்கள்.

ரசீது கையில் வந்ததும் www.ceir.gov.in தளத்தில் அந்தப் போனையே முடக்கக் கோரலாம். புகாரின் நகலை அங்கே ஏற்ற வேண்டும். போனை முடக்குவது வேறு, வங்கியில் எண்ணை மாற்றுவது வேறு. அங்கே பதிந்துவிட்டோம் என்று வங்கி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

## 4. இணைப்புகளைத் தயார் செய்தல்

கடிதத்தை எழுதும் முன் இணைப்புகளை மேசையில் பரப்பி வையுங்கள். கணக்கு எண்ணையும் பெயரையும் நினைவில் இருந்து எழுதாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுத அதுதான் வழி.

தேவைப்படுபவை: பாஸ்புக்கின் முதல் பக்க நகல், ஆதார் நகல், பான் இருந்தால் அதன் நகல், சி.எஸ்.ஆர். நகல். நேரில் போகும்போது இவற்றின் அசல்களும் கையில் இருக்க வேண்டும். அதிகாரி அசலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நகலை ஏற்பார்.

ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் "மொபைல் எண் மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் போடுங்கள். இப்படி எழுதிய ஆதார் நகலை வேறு எதற்கும் எடுத்துப் பயன்படுத்துவது கஷ்டம். எழுத்து படத்தின் மேல் கொஞ்சம் ஏறி இருக்கட்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். ஆனால் முகத்தையும் எண்ணையும் மறைத்துவிடாதீர்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பெயரில். பாஸ்புக்கில் தகப்பனார் இனிஷியலோடு பெயர் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். ஆச்சிக்கும் அப்படித்தான். இதை மறைத்துக் கொண்டுபோனால் கவுண்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள். "பாஸ்புக்கில் இப்படியும் ஆதாரில் இப்படியும் உள்ள பெயர்கள் இரண்டும் என்னையே குறிக்கும்" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்து, இரண்டு பெயரும் தெரிகிற மாதிரி வேறொரு அடையாள நகல் இருந்தால் வையுங்கள். ஆச்சியின் வாக்காளர் அட்டையில் அவர் பெயரும் கணவர் பெயரும் தனித்தனியாக இருந்தன. அது போதுமானதாக இருந்தது. எழுத்தே மாறும் அளவுக்கு வித்தியாசம் இருந்தால், முதலில் பெயர்த் திருத்தம் செய்யச் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கடிதம் உதவாது.

## 5. கடிதம்

கடிதத்தில் நான்கு விஷயம் இருந்தாக வேண்டும்: எந்தக் கணக்கு, எந்த எண்ணை நீக்க வேண்டும், எந்த எண்ணைச் சேர்க்க வேண்டும், எப்போது வங்கிக்குத் தெரிவித்தீர்கள்.

நான்காவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பணம் போனால் அதுதான் காப்பாற்றும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு என்றாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதற்கு முன் போனது வாடிக்கையாளர் தலையில். ஆகவே எத்தனை மணிக்குத் தெரிவித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆச்சிக்கு எழுதிய கடிதத்தை, அடையாளம் தெரியும் இடங்களை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்.

> அனுப்புநர்:
> (பாஸ்புக்கில் உள்ளபடி பெயர்), (முகவரி)
>
> பெறுநர்:
> கிளை மேலாளர் அவர்கள், (வங்கியின் பெயர்), (கிளை)
>
> தேதி: ………
>
> பொருள்: போன் தொலைந்ததால், சேமிப்புக் கணக்கில் பதிவான பழைய மொபைல் எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதிவு செய்யக் கோருதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. கணக்கு எண்: ……… வாடிக்கையாளர் எண்: ………
>
> ……… தேதி காலை சுமார் 10.30 மணிக்கு, முக்கூடலில் இருந்து திருநெல்வேலி சென்ற பேருந்துப் பயணத்தில் என் போன் தொலைந்துவிட்டது. அதில் இருந்த ……… என்ற எண்தான் என் கணக்கில் பதிவாகியுள்ளது. அந்த சிம் காலமான என் கணவர் பெயரில் இருந்ததால், அதே எண்ணை என்னால் திரும்பப் பெற இயலவில்லை.
>
> அன்றே பகல் 12.10 மணிக்குத் தங்கள் வங்கியின் உதவி எண்ணில் தெரிவித்து, மின்னணுச் சேவைகளை நிறுத்தக் கோரினேன். புகார் எண்: ……… காவல் நிலைய சி.எஸ்.ஆர். எண்: ………
>
> ஆகவே,
> 1. மேற்கண்ட பழைய எண்ணை என் கணக்கில் இருந்து முழுமையாக நீக்கவும்,
> 2. என் பெயரில் உள்ள ……… என்ற புதிய எண்ணைக் குறுஞ்செய்தி, ஓ.டி.பி. உள்ளிட்ட எல்லாச் சேவைகளுக்கும் பதிவு செய்யவும்,
> 3. நான் மீண்டும் எழுதிக் கேட்கும் வரை யு.பி.ஐ., மொபைல் பேங்கிங் சேவைகளை நிறுத்தியே வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> பாஸ்புக்கிலும் ஆதாரிலும் சற்று மாறுபட்டு உள்ள பெயர்கள் இரண்டும் என்னையே குறிக்கும்.
>
> இணைப்புகள்: 1. பாஸ்புக் முதல் பக்க நகல் 2. ஆதார் நகல் 3. வாக்காளர் அட்டை நகல் 4. சி.எஸ்.ஆர். நகல்
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

மூன்றாவது கோரிக்கை ஆச்சி யு.பி.ஐ. பயன்படுத்தாததால் சேர்த்தது. நீங்கள் பயன்படுத்துகிறவர் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

புதிய எண்ணை எழுதும்போது இலக்கத்தில் எழுதி, அடுத்த வரியில் ஒவ்வொரு இலக்கத்தையும் எழுத்தாலும் எழுதுங்கள். 1ஐயும் 7ஐயும் கைப்பிரதியில் மாற்றிப் படித்து, வேறு யாருடைய எண்ணோ ஏறிவிட்டதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

கடிதம் தமிழில் இருப்பதில் தவறே இல்லை. ஆனால் இப்போது பல கிளைகளில் வெளிமாநிலத்து அதிகாரிகள் இருக்கிறார்கள். பொருள் வரியை மட்டும் தமிழுக்குக் கீழே ஆங்கிலத்திலும் எழுதிவிட்டால் கடிதம் சரியான மேசைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.

ஏ.டி.எம். பின், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், முழு கார்டு எண் இவற்றைக் கடிதத்தில் எழுதவே எழுதாதீர்கள். எண்ணை மாற்ற இவை எதுவும் தேவையில்லை. கடிதமோ பல கை மாறும்.

## 6. கவுண்ட்டரில்

கணக்கு தொடங்கிய கிளைக்கே, கணக்குக்காரரே நேரில் போவது நல்லது. கையெழுத்து மாதிரி முதலில் வாங்கியது அங்கேதான். கூட ஆள் போகலாம், பதிலுக்கு ஆள் போவது நடக்காது.

கையெழுத்து பொருந்தாமல்தான் பாதிக் கடிதங்கள் திரும்புகின்றன. கணக்கு தொடங்கியபோது தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போடுவார். ஆச்சி அன்று கைரேகை வைத்துக் கணக்கு தொடங்கியவர், பின்னால் கையெழுத்துப் போடப் படித்துக்கொண்டார். கடிதத்தில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கிளையில், கணக்கில் ரேகைதானே இருக்கிறது என்றார்கள். அந்தக் கடிதத்திலேயே அதிகாரி முன்னால் ரேகையும் வைத்து, கையெழுத்தைப் பதிவு செய்யத் தனிப் படிவமும் கொடுத்தோம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் கொண்டுபோங்கள். அங்கே கேட்டு அவர்கள் முன்னால் போடலாம்.

பல வங்கிகளில் இதற்கென்று அச்சிட்ட படிவம் உண்டு. "லெட்டர் வேண்டாம், படிவம் நிரப்புங்க" என்றால் நிரப்புங்கள், ஆனால் கடிதத்தையும் அதோடு சேர்த்தே கொடுங்கள். தொலைந்த தேதியும் நீங்கள் தெரிவித்த நேரமும் எழுதப் படிவத்தில் இடம் இருக்காது.

புதிய சிம் போட்ட போனை சார்ஜ் ஏற்றிக் கையில் வைத்திருங்கள். சரிபார்க்க அப்போதே அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புகிற கிளைகள் உண்டு. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் மறுநாள் வர வேண்டியதாகிவிடும்.

கிளம்பும் முன், கடிதத்தின் இன்னொரு நகலில் கிளையின் முத்திரை, தேதி, பெற்றவர் கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். கூட்டமாக இருக்கிறது, அப்புறம் வாங்கிக்கலாம் என்று வந்துவிடாதீர்கள். முத்திரை இல்லாத நகலை வைத்துப் பின்னால் எதுவும் கேட்க முடியாது.

## 7. மாறிவிட்டதா என்று பார்ப்பது

எண் மாறியதாகப் புதிய எண்ணுக்கு வங்கியில் இருந்து செய்தி வரும். அதை மட்டும் நம்பாமல், கணக்கில் ஒரு நூறு ரூபாய் போட்டுப் பாருங்கள். வரவுச் செய்தி புதிய போனுக்கு வந்தால் சரி. சிறு தொகைக்குச் செய்தி அனுப்பாத வங்கி என்றால் கிளையில் கேட்டுத் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் புதிய எண்ணைச் சேர்த்திருப்பார்கள், பழையதை நீக்கியிருக்க மாட்டார்கள். "பழைய நம்பர் போயிருச்சா?" என்று தனியாகக் கேளுங்கள்.

அதோடு பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கி, போன் தொலைந்த நாளில் இருந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தெரியாத எடுப்பு இருந்தால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்பதும் அதே 2017 விதியில் இருக்கிறது.

யு.பி.ஐ. வைத்திருந்தவர்கள் புதிய எண்ணில் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும், தானாக மாறாது. ஆதாரில் உள்ள மொபைல் எண்ணும் தனி. வங்கியில் மாற்றினால் ஆதாரில் மாறாது. ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் மாற்றலாம். கேஸ், ரேஷன் அட்டையில் உள்ள எண்ணும் அப்படித்தான், தனித்தனியாக மாற்ற வேண்டும்.

## 8. நாட்கள் ஓடினால்

ஆச்சிக்கு நான்காம் நாள் செய்தி வந்துவிட்டது. ஒரு வாரம் கழிந்தும் மாறவில்லை என்றால், முத்திரையிட்ட நகலின் ஜெராக்ஸைக் கொடுத்து, "……… தேதியில் கொடுத்த கடிதத்தின் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல்" என்று இரண்டே வரியில் நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். பழைய கதையைத் திரும்ப எழுத வேண்டாம். அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். அங்கே கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால், அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. முதலில் வங்கியிடம் புகார் கொடுத்ததற்கான ஆதாரத்தை அங்கே கேட்பார்கள். குறைதீர்ப்புப் பிரிவுக்குக் கொடுத்த புகாரின் நகலோடு, கவுண்ட்டரில் வாங்கி வைத்த அந்த முத்திரை நகலையும் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள்.